தண்ணீர் எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியது

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் ஒருவர், வயது 58. பூப்பறிக்க விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தபோது வலது கை மடங்கவில்லை, பேச்சு குழறியது. ஆறரை மணிக்கு மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். "ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையில நல்லாத்தான் இருந்தாக டாக்டரம்மா" என்றார் அவர் மனைவி.

அங்கேதான் சிக்கல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடுவதுதான் வழக்கமான கணக்கு. பத்து மணியிலிருந்து எண்ணினால் எட்டரை மணி நேரம் ஓடிவிட்டது. ஆனால் மூளை ரத்தக்குழாயில் அடைப்பு மூன்றரை மணிக்குக்கூட வந்திருக்கலாம், தூங்கியவருக்கு எப்படித் தெரியும்?

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளையும் ஏறக்குறைய சாதாரணமாகவே தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் படம் எடுத்தோம். இடது மூளையின் நடுத்தமனி போகும் பகுதியில், கையையும் பேச்சையும் இயக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

சி.டி.யில் தெரியாதது இதில் எப்படித் தெரிகிறது? மூளையின் செல்களை வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளிகளைச் சந்துகள் என்று. சந்துகளில் தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அங்குமிங்கும் அலைகின்றன. ரத்தம் நின்றதும் செல்லின் சோடியத்தை வெளியேற்றும் பம்புக்குச் சக்தி கிடைப்பதில்லை. சோடியம் உள்ளேயே தங்க, அதன் பின்னால் தண்ணீரும் உள்ளே போகிறது. வீடுகள் உப்பி, சந்துகள் ஒடுங்குகின்றன. சித்திரைத் திருவிழா நாளில் மாசி வீதியில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரிதான், தண்ணீரால் அசைய முடியாது. இதைத்தான் டிஃப்யூஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்கிறோம்.

டிஃப்யூஷன் படத்தில் இயந்திரம் ஒரு காந்தத் துடிப்பால் தண்ணீருக்கு அடையாளம் போடுகிறது, சற்றுப் பொறுத்து இன்னொன்றால் அதை அழிக்கிறது. நின்ற இடத்திலேயே இருந்த தண்ணீரின் சிக்னல் திரும்பக் கிடைக்கும், அலைந்து திரிந்ததன் சிக்னல் மங்கும். அடைபட்ட பகுதி வெண்மையாகத் தெரிவது அதனால்தான். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் மூளையில் தண்ணீரின் மொத்த அளவு அதிகம் கூடியிருக்காது, வெளியிலிருந்து உள்ளே இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சி.டி.யும் ஃப்ளேர் என்ற எம்.ஆர்.ஐ. படமும் தண்ணீர் கூடினால்தான் காட்டும், அதற்குச் சில மணி நேரம் ஆகும்.

ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் புதுப் பக்கவாதம் இல்லை. டிஃப்யூஷன் படத்தில் திசுவின் இயல்பான வெண்மையும் கலந்தே வரும். அதைக் கழித்து, தண்ணீர் எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் காட்டுவது ஏ.டி.சி. வரைபடம். டிஃப்யூஷனில் வெள்ளை, ஏ.டி.சி.யில் அதே இடம் கறுப்பு என்றால் நகர்வு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. இவருக்குத் திட்டில் ஏ.டி.சி. எண் 430, எதிர்ப்பக்கத்து நல்ல மூளையில் 780.

அப்புறம் ஃப்ளேரைத் திறந்தோம். அதே இடத்தில் ஒன்றுமே இல்லை. டிஃப்யூஷனில் இருந்து ஃப்ளேரில் இல்லாவிட்டால், அடைப்பு பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்கு உட்பட்டது. இப்படித் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஊசி போட்டால் பலன் உண்டு என்று 2018இல் வெளியான வேக்-அப் ஆய்வு காட்டியது. ரத்தக்கசிவு அபாயம் சற்றுக் கூடுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது, அதைச் சொல்லித்தான் குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கினோம். ஊசி போட்டார்கள். மறுநாள் விரல்கள் மடங்கின.

இந்தப் படமும் ஏமாற்றும். மூளைத்தண்டில் வரும் சின்ன அடைப்பு முதல் நாளில் தெரியாமல் போவதுண்டு. தலைசுற்றலும் தள்ளாட்டமும் உள்ளவருக்குப் படம் சுத்தமாக இருந்தாலும் நான் நிம்மதியாவதில்லை. இன்னொரு பக்கம், ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினாலும், தொடர்ந்து வலிப்பு வந்தாலும், சீழ்க்கட்டி இருந்தாலும் டிஃப்யூஷன் குறையும். அதனால் சர்க்கரையைக் குத்திப் பார்க்காமல் யாரையும் ஸ்கேன் மேசையில் ஏற்றுவதில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த மனைவி பதறிக்கொண்டு வந்தார். வேறொரு ஸ்கேன் சென்டரில் எடுத்த ஃபிலிமில் மறுபடியும் வெள்ளைத் திட்டு, 'புதிய பக்கவாதம்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கையில் இருந்தது டிஃப்யூஷன் ஃபிலிம் மட்டும். முழுப் படங்களும் பதிந்த குறுந்தட்டை வாங்கிவரச் சொல்லி ஏ.டி.சி.யைத் திறந்தேன். அங்கேயும் அதே இடம் வெள்ளை, எண் 1,150. செல்கள் சிதைந்து சந்துகள் அகன்றுவிட்டன, தண்ணீர் தாராளமாக நகர்கிறது. ஏ.டி.சி. எண் ஒரு வாரம், பத்து நாளில் பழைய அளவுக்கு ஏறி, பிறகு அதையும் தாண்டிப் போகும். டிஃப்யூஷன் படத்தில் பழைய தழும்பின் வெண்மை மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"அதே பழைய இடம்தாம்மா, புதுசு இல்ல" என்றேன். "அப்ப நாளைக்குப் பறிக்கப் போகலாமுல்ல?" என்று பின்னாலிருந்து அவர் கேட்டார். குழறல் இன்னும் லேசாக இருந்தது.