உயரம் தாண்டுதலில் அது உதைகால் இல்லை, ஊன்றுகால்

‘டேக்-ஆஃப் லெக்’ என்பதைத் தமிழில் ‘உதைகால்’ என்று எழுதுவதை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. குறுமையப் போட்டிகளில் மைக் பிடிப்பவர் சொல்கிறார், உடற்கல்வி படிக்கிற பிள்ளைகளின் நோட்ஸில் இருக்கிறது, இப்போது எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்து மைதானங்களில் ஆறாவது படிக்கிற பையன்கூட ‘என் உதைகால் இடதுங்க’ என்கிறான். சொல் பரவுவதில் குற்றமில்லை. இந்தச் சொல் அந்தப் பையனின் காலைக் கெடுக்கிறது, அதுதான் பிரச்சினை.

ஆங்கிலச் சொல்லுக்குப் பெரிய வரலாறு ஒன்றும் கிடையாது. தரையை விட்டுக் கிளம்புவது டேக்-ஆஃப், விமானத்துக்கும் அதே சொல்தான். கிளம்பும்போது கடைசியாகத் தரையில் இருக்கிற கால் டேக்-ஆஃப் லெக். அந்தக் கால் என்ன வேலை செய்கிறது என்று ஆங்கிலம் சொல்லவே இல்லை. தமிழில் சொல் ஆக்கியவர் தானாக ஒரு வேலையை அதற்குக் கொடுத்தார், ‘உதை’ என்று. கொடுத்த வேலை தப்பு.

அந்தக் கால் உண்மையில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். டிக் ஃபாஸ்பரி 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் முதுகைக் கம்பிக்குக் காட்டி 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய பிறகு அந்த முறை பரவியது, இன்று பெரிய போட்டிகளில் அதுதான். ஓடுபவர் முதலில் நேராக ஓடுகிறார், கடைசி நான்கைந்து எட்டுகளை வளைவில் வைக்கிறார். வளைவில் ஓடினால் உடம்பு வளைவின் உள்பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தள்ளிவிடும். உள்பக்கம் என்பது இங்கே கம்பிக்கு எதிர்ப்பக்கம். இடது காலில் கிளம்புகிற பையன் வலது பக்கமிருந்து வருவான், இடப்பக்கமாக வளைவான், கம்பி அவனுக்கு வலப்பக்கம் இருக்கும், உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

எங்கள் மைதானத்தில் ஒரு பையனுக்குப் போட்ட கணக்கையே சொல்கிறேன். கடைசி எட்டுகளில் வினாடிக்கு 6 மீட்டர் வேகம் வைத்துக்கொள்ளுங்கள். முளை அடித்து 7 மீட்டர் கயிறு கட்டிச் சுண்ணாம்பில் வளைவு போட்டோம். வேகத்தை வேகத்தால் பெருக்கினால் 36. ஆரம் 7-ஐப் புவியீர்ப்பு 9.8-ஆல் பெருக்கினால் 68.6. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அரைக்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்குரிய சாய்வு சுமார் 28 பாகை. அவன் இடுப்பு நிமிர்ந்து நிற்கும்போது ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், இந்தச் சாய்வில் 88 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். முட்டியை மடக்காமலேயே 12 சென்டிமீட்டர் இறங்கிவிட்டான். வேகமும் குறையவில்லை. வளைந்து ஓடுவது எதற்கு என்று கேட்டால் முதல் பதில் இதுதான். கம்பிக்கு முதுகைத் திருப்ப உதவுவதெல்லாம் அடுத்ததுதான்.

இப்போது கடைசி எட்டு. அதற்கு முந்தைய எட்டு கொஞ்சம் நீளமாகத் தாழ்ந்து வரும், கடைசி எட்டு சட்டென்று குறுகி விழும். பாதம் உடம்புக்கு முன்னால் போய் இறங்குகிறது, கால் கிட்டத்தட்ட நேராக, விறைப்பாக. உடம்பு இன்னும் பின்னால் இருக்கிறது, பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கிறது. நீளமான ஏணியை நிமிர்த்துவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அடியை மிதித்துக்கொள்கிறார், இன்னொருவர் ஏணிக்கு அடியில் கை கொடுத்துக்கொண்டே முன்னால் நடக்கிறார், அவர் நடப்பது முன்னால்தான், ஏணியின் தலை போவதோ மேலே. அதே மாதிரி நிலைத்த பாதத்தின்மேல் உடம்பு எழுந்து நிமிர்கிறது, முன்னால் போய்க்கொண்டிருந்த வேகத்தில் ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்புகிறது. முட்டி கொஞ்சம் மடங்கத்தான் செய்யும், தொடைச் சதை இழுபட்டுத் திரும்பச் சுருங்கும், அந்தத் திரும்பலில் வருகிற விசையும் சேரும். ஆனால் மடங்காமல் தாங்குவதுதான் அந்தக் காலின் முதல் வேலை.

இதெல்லாம் நடக்கிற நேரம் ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ‘உதை’ என்ற சொல் இங்கேதான் முழுசாக உடைகிறது. உதைக்க வேண்டுமென்றால் முதலில் காலை நன்றாக மடக்க வேண்டும், அப்புறம் நீட்ட வேண்டும். ஓடிவருகிற வேகத்தில் அதற்கு நேரமே கிடையாது. மடக்கினால் நீட்டுவதற்குள் உடம்பு பாதத்தைத் தாண்டி முன்னால் போய்விடும். நின்ற இடத்தில் மதில்மேல் எட்டிப் பார்க்க எம்புகிறோமே, அது மடக்கி நீட்டுவது. ஓடிவந்து தாண்டுவது வேறு காரியம்.

சொன்னேனே அந்தப் பையன், அவன் கடைசி எட்டில் குந்துவான். வேகம் அங்கேயே செத்துப்போகும். ஏன் கண்ணு குந்தறே என்று கேட்டால், ‘ஏனுங்ணா, மடக்கினாத்தானுங்க நல்லா உதைக்க முடியும்?’ என்றான். அவன் கேட்டது நியாயம். உதைகால் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை உதைக்கத்தானே பார்க்கும்? மண் தரையில் இதைத் தடம் பார்த்தே கண்டுபிடிக்கலாம். உதைக்க முயல்கிறவனின் தடத்தில் விரல் பக்கம் குழி பறித்து மண் பின்னால் சிதறியிருக்கும். ஊன்றுகிறவனின் தடம் குதிகாலிலிருந்து விரல்வரை முழுப்பாதமாக, ஓடிவந்த வளைவின் போக்கிலேயே பதிந்திருக்கும். பாதம் அந்தப் போக்கிலிருந்து வெளியே திரும்பிக் கம்பிக்கு இணையாகப் பதிந்திருந்தால் அது இன்னொரு தப்பு, கணுக்கால் முறுக்கிக்கொள்ளும், உடனே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும்.

ஊன்று என்பது நமக்குப் புதிய சொல்லா? விதை ஊன்றுகிறோம், முகூர்த்தக்கால் ஊன்றுகிறோம், ஊருக்குப் புதிதாக வந்தவர் காலூன்றிவிட்டார் என்கிறோம். ஒன்றை ஓரிடத்தில் அசையாமல் பதித்து அதன்மேல் பாரத்தைத் தாங்குவது எல்லாவற்றிலும் இருக்கிறது. வள்ளுவர் வழுக்கும் இடத்தில் உதவும் கோலை ‘ஊற்றுக்கோல்’ என்கிறார், இன்றைய ஊன்றுகோல்தான் அது. உடம்பைத் தாங்கித் திருப்புகிற காலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எங்கே போய்த் தேடுவது?

உதைகாலை ஆதரிக்கிற நண்பர் ஒருவர், ‘உதை என்றால் முட்டு என்றும் பொருள் உண்டு, தச்சர்கள் உதை கொடுப்பதில்லையா?’ என்று வாதாடினார். அந்தப் பொருளும் உண்டுதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் காதில் உதை என்றால் விழுவது அந்தப் பொருளா? பால் கறக்கும்போது காலை வீசுகிற மாட்டை உதைகாலி என்கிற ஊர் இது. பந்தை உதை, கதவை உதை என்று தினமும் கேட்கிறவனுக்கு அகராதியின் மூன்றாவது பொருளைக் கொடுத்து விளங்கிக்கொள் என்றால் எப்படி? அகராதியில் இடம் இருக்கிறது என்பதற்காக மைதானத்தில் ஒரு சொல்லை இறக்கக் கூடாது. ‘தாண்டுகால்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இரண்டு காலும்தான் கம்பியைத் தாண்டுகிறது, எந்தக் கால் என்று எப்படித் தெரியும்? மொழிபெயர்க்கிறவர்கள் ஒரு சாயங்காலம் தாண்டுகுழி ஓரம் வந்து நின்றிருந்தால் இந்தச் சொற்களில் பாதி பிறந்தே இருக்காது.

இதே கையோடு ‘பின்வளைவுத் தாண்டல்’ என்ற பெயரையும் சொல்லிவிட வேண்டும். ஃபாஸ்பரி முறைக்கு இந்தப் பெயரைப் பார்க்கிறேன். கம்பிக்கு மேலே உடம்பை வில்லாக வளைப்பது உண்மை. தலையும் காலும் தொங்க, இடுப்பு மேலே நிற்கிறது, உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கம்பியைக் கடக்கிறது. அதனால் உடம்பின் எடைமையம் கம்பியை ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ போனாலும் கம்பி விழாமல் தாண்ட முடிகிறது. ஆனால் வளைவு உயரத்தைக் கொடுப்பதில்லை. பாதம் தரையை விட்ட நொடியிலேயே எடைமையம் எவ்வளவு உயரம் போகும் என்பது முடிந்துவிட்டது, மேலே போய் எப்படி வளைத்தாலும் அதில் ஒரு விரற்கடைகூடக் கூடாது. வளைவு செய்வதெல்லாம் கிடைத்த உயரத்தை வீணாக்காமல் செலவழிப்பது.

பெயரிலேயே பின்வளைவு என்று வைத்துவிட்டால் பிள்ளைகளின் கவனம் முழுக்க அங்கே போகிறது. தரையில் இருக்கும்போதே முதுகைக் கம்பிப் பக்கம் சாய்க்கிறார்கள். கம்பிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து வந்து, கால் தரையை விடும்போது நிமிர்ந்து நிற்க வேண்டிய உடம்பு, அதற்கு முன்பே கம்பிமேல் விழுகிறது. உயரம் போய்ச் சுழற்சிதான் மிஞ்சுகிறது. இதையும் கண்ணால் பிடிக்கலாம். ஏறும்போதே தோளோ முதுகோ கம்பியைத் தட்டினால் முன்கூட்டிச் சாய்ந்திருக்கிறான் என்று பொருள். நன்றாக ஏறி, இறங்கும்போது கெண்டைக்காலோ குதிகாலோ தட்டினால், அப்போதுதான் வளைவைப் பற்றியும் காலைச் சரியான நேரத்தில் உதறுவதைப் பற்றியும் பேச வேண்டும். ஃபாஸ்பரி முறை என்று அவர் பெயரிலேயே சொல்லிவிட்டுப் போகலாம், அதில் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இன்னொன்று. நம் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் மெத்தை கிடையாது, மணல்குழிதான். மணலில் முதுகால் விழுகிற வேலையே வேண்டாம், கழுத்துக்கு ஆபத்து. அங்கே ஒரு காலுக்குப் பின் மற்றக் காலை வீசிக் கம்பியைக் கடந்து காலிலேயே இறங்குகிற கத்தரி முறைதான் சொல்லித்தர வேண்டும். அதிலும் இதே வளைவில் ஓடவிடலாம், கம்பிக்குத் தூரமாக இருக்கிற அதே காலை ஊன்றச் சொல்லலாம், நாளைக்கு மெத்தை கிடைத்தால் அதே காலோடு ஃபாஸ்பரி முறைக்கு மாறிக்கொள்வான். கம்பிமேல் குப்புறப் புரண்டு போகிற பழைய ஸ்ட்ராடில் முறையில் ஊன்றுவது கம்பிக்குக் கிட்டத்தில் இருக்கிற கால். அந்த முறையில் நிஜமாகவே ஓங்கி மேலே உதைக்கிற கால் ஒன்று உண்டு, அது வீசுகிற மற்றக் கால். ‘உதைகால்’ என்று சொல்லி வைத்திருப்பவர்கள் அங்கே எந்தக் காலைக் காட்டுவார்கள்?