பழைய துணியை நனைத்து முகர்ந்து பாருங்கள்

மதுரையில் நான் நடத்தும் சலவைக் கடைக்குச் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பெண்மணி கட்டைப்பையில் மூன்று உருப்படிகளைக் கொண்டுவந்தார். மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அவளுக்காகச் சந்தையில் பழைய துணி விற்பவரிடம் ஒரு பருத்திக் குர்தா, ஒரு ஸ்ட்ரெச் ஜீன்ஸ், ஒரு பாலியெஸ்டர் டி-ஷர்ட் என மூன்றையும் முந்நூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தார். மூன்றும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போடப்பட்டு, மல்லிகை வாசனையோடு இருந்தன. “சுத்தமாகத்தான் இருக்கிறது அண்ணே, சும்மா ஒரு முறை அலசிக் கொடுத்தால் போதும்” என்றார்.

அந்த மல்லிகை வாசனைதான் எனக்கு உறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நன்றாகத் துவைத்துக் காய்ந்த துணியில் பெரிதாக எந்த வாசனையும் இருக்காது. வாசனை தூக்கலாக அடித்தால், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

காய்ந்த துணியை முகர்ந்தால் உண்மை தெரியாது. நாற்றம் தரும் பொருட்கள் நூலோடு ஒட்டிக் கிடக்கும். ஈரமும் சூடும் சேரும்போதுதான் அவை ஆவியாகி மூக்கை எட்டும். கடையில் பளிச்சென்று இருந்த சட்டை, போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிய அரை மணி நேரத்தில் நாறத் தொடங்குவது இதனால்தான். உடல் சூடும் வியர்வையும் செய்யும் வேலையை, வாங்குவதற்கு முன்பே நாம் செய்து பார்த்துவிட வேண்டும்.

அன்று ஒரு கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து டி-ஷர்ட்டின் அக்குள் பகுதி மேல் விரித்தேன். இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுத்து, ஆவி எழும்போதே அந்த அம்மாவை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். மல்லிகை போன இடம் தெரியவில்லை. அழுகிய வெங்காயம் போன்ற வீச்சம் மட்டும் எழுந்தது. குர்தாவை அதே மாதிரி அழுத்தியபோது லேசான சோப்பு மணமும் கஞ்சி மணமும் வந்தன, அவ்வளவுதான்.

சந்தையில் இஸ்திரிப் பெட்டிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். துணியின் அக்குள் பகுதியை உள்பக்கமாகத் திருப்பி, வாயருகே வைத்து, கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவதுபோல் சூடாக மூன்று நான்கு முறை ஊதி, உடனே முகருங்கள். இஸ்திரி ஆவி அளவுக்குத் துல்லியமாக இருக்காது. ஆனால் பழகிய வியர்வை நாற்றம் இதிலேயே பிடிபட்டுவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: கறை இருக்கும் இடத்தில் இஸ்திரிச் சூடு படக்கூடாது. இரத்தம், பால் போன்ற கறைகள் சூட்டில் நூலோடு இறுகிவிடும்.

டி-ஷர்ட் ஏன் இவ்வளவு மோசம், குர்தா ஏன் பரவாயில்லை? வியர்வை வெளியே வரும்போது அதற்குப் பெரிய நாற்றம் கிடையாது. அதைத் தின்று வளரும் பாக்டீரியாக்கள்தான் நாற்றத்தை உண்டாக்குகின்றன. பருத்தி தண்ணீரை உள்ளே இழுத்து, அலசும்போது விட்டுவிடும். பாலியெஸ்டர் தண்ணீரை ஏற்காது, தோலின் எண்ணெயை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். நாற்றப் பொருட்கள் அந்த எண்ணெயில்தான் தங்குகின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரை உடற்பயிற்சி செய்யவைத்து அவர்களது டி-ஷர்ட்டுகளைச் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. பாலியெஸ்டர் துணிகள் பருத்தியைவிட அதிகமாக நாறின. நாற்றத்தோடு தொடர்புடைய மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக்களும் அவற்றில் நன்றாக வளர்ந்திருந்தன. பழைய துணிக்கடையில் பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டியிருந்தால், நான் தயங்காமல் பருத்தியை எடுப்பேன்.

நாற்றத்தில் இன்னொரு வகையையும் சொல்லியாக வேண்டும். அந்துருண்டை வாசனை. பீரோவில் பல வருடம் கிடந்த துணி என்பதற்கு அது அடையாளம், பெரியவர்கள் இரண்டு மூன்று நாள் காற்றாட உலர்த்திவிட்டுத் துவைத்து உடுத்தலாம். ஆனால் நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பழைய மெல்லிய துணி போடும் வழக்கம் இருக்கிறது. அந்தத் துணி நாப்தலீன் உருண்டையோடு கிடந்ததாக இருந்தால் குழந்தைக்குப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி பட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது பெற்றோருக்கு முன்பே தெரிந்திருப்பது அரிது. துவைத்த பிறகும் வாசனை மிச்சமிருந்தால் அந்தத் துணியைத் தொட்டிலுக்கு அருகிலும் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து ஜீன்ஸ். வெளிப்பார்வைக்கு மூன்றில் அதுதான் புதிதாக இருந்தது. தொடைப் பகுதிக்குள் கைபேசி விளக்கை ஏற்றி நுழைத்துப் பார்த்தேன். தேய்மானம் எப்போதும் உடல் உரசும் இடத்தில்தான் ஒளிந்திருக்கும்: உள்தொடை, இருக்கைப் பகுதி, அக்குள், காலரின் மடிப்பு. ஜீன்ஸ் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. நீல நூல் வெளிப்பக்கம் அதிகம் தெரியும்படி நெய்திருப்பார்கள். உரசி உரசி நீல நூல் தேய்ந்தபின் வெள்ளை ஊடை மட்டும் ஏணிப்படிபோல் குறுக்காக நிற்கும். இந்த ஜீன்ஸின் உள்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் அப்படித்தான் கசிந்தது. அதை மறைக்க உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரியால் ஒட்டியிருந்தார்கள். தடவிப் பார்த்தால் அட்டைபோல் விறைப்பாக இருந்தது. வெந்நீரில் போட்டால் அந்தப் பசை விட்டுப்போகும். முதல் துவையலிலேயே கிழிசல் வாயைப் பிளக்கும்.

விளக்கு காட்டாததைக் கை காட்டும். தையலின் இருபுறமும் விரல்களால் பிடித்து மெதுவாக இழுத்தால், இற்றுப்போன துணியில் தையல் துளைகள் வாய் திறக்கும். இடுப்பு எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுத்துப் பாருங்கள். உள்ளே ரப்பர் உளுத்திருந்தால் நொறுநொறு என்று ஓசை வரும், விட்டால் முழுதாகச் சுருங்காது. குர்தாவின் அக்குளில் லேசான மஞ்சள் இருந்தது. தையல் உறுதியாக நின்றதால் அதைக் காப்பாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

இனி கிருமி நீக்கம். இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூடி கிருமிநாசினி ஊற்றி, கூடவே சோப்புத்தூளையும் கொட்டி ஊறவைப்பார்கள். துணிகளுக்கென்று விற்கும் பல கிருமிநாசினிகள் சோப்புத்தூளோடு சேர்ந்தால் வலுவிழந்துவிடும் வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கடைசி அலசலில், புட்டியில் அச்சிட்ட அளவில், அச்சிட்ட நேரம்வரை விட வேண்டும். என் அனுபவத்தில் வீட்டில் நம்பத்தக்கது சூடுதான். அந்தக் காலத்தில் உவர்மண்ணில் நனைத்த துணியை இரவெல்லாம் ஆவியில் வேகவைத்த வெள்ளாவி முறை வெளுப்போடு இந்த வேலையையும் செய்தது.

எதை அழிக்கிறோம் என்று தெரிந்தால் வழியும் எளிதாகும். சிரங்கை உண்டாக்கும் பூச்சி மனிதத் தோலை விட்டு வெளியே வந்தால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாழாது. துணியில் ஒட்டும் உடல்பேனும் இரத்தம் கிடைக்காமல் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். இவற்றுக்குத் துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைப்பதே உதவும். ஆனால் பேனின் ஈர் பையில் கட்டிய பிறகும் பொரிக்கக்கூடும் என்பதால் இரண்டு வாரம் வைப்பது நல்லது. படர்தாமரை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகளுக்கோ மாதக்கணக்கில் உயிர் இருக்கும், பையில் கட்டி வைத்தால் அவை சும்மா காத்திருக்கும். மூட்டைப்பூச்சியும் அப்படியே, பல மாதம் பட்டினி கிடக்கும். இப்போது மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை நம் நாட்டில் பரவியிருக்கும் நிலையில், பூஞ்சைக்கு 60 டிகிரி வெந்நீர்தான் என் வழி. 30, 40 டிகிரித் துவையல் போதாது.

குர்தாவுக்கு நான் செய்ததை அப்படியே வீட்டில் செய்யலாம். முதலில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலச வேண்டும். நேராக வெந்நீரில் போட்டால் கறை இறுகிவிடும். பிறகு பெரிய வாளியில் நான்கு லிட்டர் குழாய்த் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் ஆறு லிட்டர் கொதிநீரைச் சேர்த்தால் ஏறத்தாழ 70 டிகிரிச் சூடு கிடைக்கும். துணி உள்ளே போனதும் சில டிகிரி குறையும். சோப்புத்தூளும், சாயம் நிற்கும் துணியானால் குளோரின் இல்லாத வெளுப்புத்தூளான சோடியம் பெர்கார்பனேட் இரண்டு மேசைக்கரண்டியும் சேர்த்துக் கலக்கி, ஒன்றிரண்டு துணிகளை மட்டும் முழுகவைத்து, மூடிபோட்டு இருபது நிமிடம் விடுங்கள். வாளியைத் தரையில், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். கையை விடாமல் மரக்குச்சியால் கிளறுங்கள். அக்குள் மஞ்சளுக்குக் குளோரின் ப்ளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். அதோடு வினிகர் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

பட்டு, கம்பளி, நீளும் துணிகள் இந்த வெந்நீரைத் தாங்காது. அவற்றுக்கு உலர்சலவையோ, உள்பக்கமாக ஈரத்துணி விரித்து லேபிள் அனுமதிக்கும் சூட்டில் ஒவ்வொரு தையல் மீதும் நிறுத்தி நிறுத்திப் போடும் ஆவி இஸ்திரியோ வேண்டும். சாயம் போகுமா என்று தெரியாத துணியை உள்மடிப்பில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குர்தா முழு வெயிலில் காய்ந்து மஞ்சள் ஏறக்குறைய மறைந்து திரும்பிப் போனது. ஜீன்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். சந்தைக்காரர் வாங்கவில்லை என்று அந்த அம்மா முழங்காலுக்குக் கீழிருந்த நல்ல துணியை வெட்டி மகளுக்குப் புத்தகப் பை தைத்துவிட்டார். டி-ஷர்ட்டைப் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு முறை துவைத்து, காயவைத்து, மறுபடியும் நனைந்த கைக்குட்டை வைத்து அழுத்தினேன். முதல் நாள் வந்த வீச்சத்தில் பாதிகூட இல்லை, ஆனால் இருந்தது. அவரே முகர்ந்து பார்த்துவிட்டு, “இது வேண்டாம் அண்ணே” என்று கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.