ஆய்வுக்கு மார்க் போடாதீர்கள்

போன வாரம் வந்தது இந்த ஆண்டின் நான்காவது அட்டவணை. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பற்றி ஒரு மருத்துவமனையின் சிகிச்சை வழிகாட்டிக் குழு வரைவு எழுதி, பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தது. இடது ஓரத்தில் ஆய்வுகளின் பெயர்கள். வலது ஓரத்தில் 'கிரேட்' என்று தலைப்பிட்ட பத்தி. ஒவ்வொரு ஆய்வுக்கும் எதிரே உயர், குறைவு என்று ஒரு சொல். பரீட்சைத் தாள் திருத்தியது போல இருந்தது. கடைசி வரியில் மொத்தமாக 'நடுத்தரம்'.

தயாரித்த இளம் டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். "இந்த நடுத்தரம் எப்படி வந்ததும்மா?"

"ரெண்டு உயர், ஒண்ணு குறைவு, மேடம். அதான் நடுவுல வச்சோம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீனியர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சான்றின் உறுதியை மதிப்பிடும் கிரேட் முறையில் உயர், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்ற நான்கு படிகளும் எந்த ஆய்வின் தரத்தையும் சொல்லவில்லை. ஒரு கேள்வி, அதில் ஒரு விளைவு. அந்த விளைவைப் பற்றிக் கிடைத்த ஆய்வுகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நாம் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? படி இதற்குத்தான். ஒரே ஆய்வு ஒரு கேள்விக்கு உயர்ந்த உறுதியைத் தரும். கேள்வியை மாற்றினால் அதே ஆய்வு குறைந்த உறுதியைத்தான் தரும். ஆய்வில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. ஆக, ஆய்வின் பெயருக்கு எதிரே எழுதிய கிரேட் தப்பாகப் போட்ட மார்க் அல்ல, அர்த்தமே இல்லாத மார்க்.

ஸ்டீராய்டு கதையே இதற்கு நல்ல பாடம். 1972-இல் ஆக்லாந்தில் லிகின்ஸும் ஹோவியும் வெளியிட்ட சோதனையில் தொடங்கி, இந்த ஊசிக்குச் சான்று சேர்ந்துகொண்டே வந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் படுக்கைக் கோடுகள் இந்தச் சோதனைகளின் முடிவுகள்தான். ஆனால் பெரும்பாலானவை பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தவை. கர்ப்ப வாரம் ஓரளவு சரியாகத் தெரியும், பிறந்த குழந்தையைப் பார்க்க ஆள் உண்டு, வெப்பக் கருவி உண்டு.

பிறகு ஆக்ட் சோதனை வந்தது. அர்ஜென்டினா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய ஆறு நாடுகளில், சமூக மட்டத்தில், சுமார் ஒரு லட்சம் பிறப்புகள். நம் நாட்டில் பெல்காமும் நாக்பூரும். முடிவு 2015-இல் வெளியானது. மிகச் சிறிய குழந்தைகளிடையே 28 நாள் மரணம் குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு 23.9 ஆக இருக்க வேண்டிய மரணம் ஊசித் திட்டம் நடந்த இடங்களில் 27.4. தாய்மாருக்குத் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகமும் கூடியது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை அவ்வளவு சிறியதாகப் பிறக்கவே இல்லை.

நம் இளம் டாக்டர் என்ன செய்திருந்தார்? இந்த ஆக்ட் சோதனைக்கும் ஆஸ்பத்திரி ஆய்வுகளுக்கும் ஒரே வரி போட்டுக் கூட்டினார். எண்கள் எதிரெதிர்த் திசையில் இழுத்ததும் 'முடிவுகளில் முரண்பாடு' என்று ஒரு படி இறக்கினார். நான் தலையில் அடித்துக்கொண்ட இடம் இது. முரண்பாட்டுக்குக் காரணம் கண்முன்னே தெரியும்போது படியை இறக்கக் கூடாது. கேள்வியைப் பிரிக்க வேண்டும். கர்ப்ப வாரம் தெரிந்து, பிறந்த குழந்தையைக் கவனிக்க வசதியுள்ள மருத்துவமனையில் போட்டால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. அந்த வசதி எதுவும் இல்லாத இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. 2015-க்கு முன் இரண்டாவது கேள்விக்குப் பழைய ஆய்வுகளைக் காட்டியவர்கள், சான்று அந்த இடத்துக்கு நேரடியாகப் பொருந்தவில்லை என்று கட்டாயம் ஒரு படியாவது இறக்கியிருக்க வேண்டும். முதல் கேள்விக்கு அதே ஆய்வுகளை அப்படி இறக்க வேண்டிய அவசியமில்லை.

பிரித்தபின் முதல் கேள்விக்கு 2020-இல் நேரடிச் சான்றும் கிடைத்தது. ஆக்ஷன் சோதனை: வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் மருத்துவமனைகளில் 2,852 தாய்மார், 26 முதல் 33 வாரம் முடிய. பச்சிளம் குழந்தை மரணம் ஊசி இல்லாதவர்களில் 23.5 சதவீதம், ஊசி போட்டவர்களில் 19.6. ஒப்பீட்டு அபாயம் 0.84, உண்மை எண் இருக்கக்கூடிய நம்பக இடைவெளி 0.72 முதல் 0.97 வரை.

இந்த 0.84-ஐ அப்படியே அட்டவணையில் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள், தயவுசெய்து. ஆயிரத்துக்கு 235 மரணம் என்று வைத்துக்கொண்டு இடைவெளியின் இரண்டு முனையையும் கணக்குப் போடுங்கள். நல்ல முனையில் ஆயிரத்துக்கு 66 குழந்தைகள் கூடுதலாகப் பிழைக்கின்றன, மோசமான முனையில் 7. பிறகு குழு உட்கார்ந்து பேசட்டும்: வெறும் 7 என்றாலும் இந்த ஊசியைப் பரிந்துரைப்போமா? ஆம் என்றால் துல்லியக் குறைவுக்காகப் படியை இறக்க வேண்டாம். இல்லை என்றால் இறக்குங்கள். இடைவெளி, வித்தியாசமே இல்லை என்று காட்டும் 1-ஐத் தாண்டுகிறதா என்பது மட்டும் அளவுகோல் அல்ல. (சோதனை பலன் தெரிந்ததால் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. அப்படி நிறுத்திய சோதனைகள் பலனைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் பழக்கம் உடையவை, அதையும் பேசுங்கள்.)

அடுத்த விளைவு தாயின் தொற்று. அதே சோதனையில் ஊசி போட்டவர்களில் 4.8 சதவீதம், ஊசி இல்லாதவர்களில் 6.3, ஒப்பீட்டு அபாயத்தின் இடைவெளி 0.56 முதல் 1.03. கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு 28 குறைவிலிருந்து 2 அதிகம் வரை. 'ஊசி தொற்றைக் குறைக்கிறது' என்று எழுதினால் உறுதி போதாது, படி இறங்கும். 'ஊசி தொற்றைப் பெரிதாகக் கூட்டவில்லை' என்று எழுதினால் அதே எண்கள் போதும். பாருங்கள், வாக்கியம் மாறியதும் படி மாறுகிறது. ஆய்வுக்கு மார்க் போடும் பத்தியில் இதை எங்கே எழுதுவீர்கள்?

குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்த சீரற்ற சோதனை என்றால் உயரில் தொடங்கலாம், முடிவும் உயர்தான் என்று நினைக்காதீர்கள். சார்புப் பிழை, முரண்பாடு, நேரடித்தன்மை, துல்லியம், வெளிவராத ஆய்வுகள் என்ற ஐந்தையும் விளைவுக்கு விளைவு கேளுங்கள். ஒரே குறைக்கு இரண்டு பெயரில் இரண்டு படி இறக்காதீர்கள். பரிந்துரைக்கு மொத்த உறுதி எழுதும்போது சராசரி எடுக்காதீர்கள். முடிவைத் தீர்மானிக்கும் விளைவுகளில் எது மிகத் தாழ்ந்ததோ அதுவே மொத்தம். 'குறைவு' என்று வந்தால் மருந்து வேலை செய்யாது என்று வார்டில் போய்ச் சொல்லாதீர்கள். எண் நாளை மாறலாம் என்பதுதான் அதன் பொருள்.

இன்னொன்று, அடிக்குறிப்பு. எந்தப் படியை ஏன் இறக்கினீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாத அட்டவணையை இனி நான் படிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

அந்த டாக்டர் நேற்று மறுபடி அனுப்பினார். ஒரு அட்டவணை இரண்டாகியிருந்தது. மேலே கேள்வி, இடது பத்தியில் ஆய்வுகளின் பெயர்களுக்குப் பதில் 'பச்சிளம் குழந்தை மரணம்', 'தாயின் தொற்று'. இரண்டாவது அட்டவணையின் அடிக்குறிப்பு ஒன்றில், "எங்கள் துணை மையங்களில் ஸ்கேன் இல்லை, கர்ப்ப வாரம் கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்துத்தான்" என்று எழுதியிருந்தார்.