ஆறு மாதத்தில் விற்பதா, ஒரு வருடம் தாண்டி விற்பதா?

கோத்தகிரியில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தேயிலை விவசாயிகள், மீதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் கடந்த சில வருடங்களாக ஷேர் வாங்கி விற்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அப்படி ஒருவர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 2025-26 நிதியாண்டுக் கணக்கோடு வந்தார். பென்ஷனும் வட்டியும் சேர்த்து வருடத்துக்கு 7 லட்சம். தவிர 12 லட்ச ரூபாய் ஷேர்களில்.

அவருடைய முறை எளிமையானது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பட்டியல் போடுவார். முந்தைய ஆறு மாதத்தில் நன்றாக ஏறிய பத்துப் பங்குகளை வாங்குவார், பட்டியலிலிருந்து விழுந்ததை விற்பார். ஒழுங்காகச் செய்திருந்தார். அந்த வருடம் 1,80,000 ரூபாய் லாபம், அதாவது 15 சதவீதம். எல்லாமே குறுகிய கால லாபம்.

வரி 37,440 ரூபாய் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. “தம்பி, 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு சொன்னாங்களே?”

இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை கிடைக்கும் தள்ளுபடி பென்ஷன், வட்டி போன்ற வழக்கமான வருமானத்துக்குத்தான். ஷேர் லாபத்துக்குத் தனி விகிதம், அங்கே அந்தத் தள்ளுபடி எட்டாது. 2024 ஜூலை 23 முதல், பட்டியலிடப்பட்ட பங்குகளை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். 12 மாதத்தைத் தாண்டி விற்றால் 12.5 சதவீதம், அதுவும் வருடத்தில் முதல் 1.25 லட்சம் லாபம் போக மீதிக்கு மட்டும். இரண்டின் மேலும் 4 சதவீதம் செஸ் உண்டு.

சரி, அப்படியானால் அவர் ஒரு வருடம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அவருடைய பழைய காண்ட்ராக்ட் நோட்டுகள் எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தன. ஒவ்வொரு தேதியிலும் அவர் வாங்கிய அதே பங்குகளை ஆறு மாதத்தில் விற்காமல் ஒரு வருடமும் சில நாட்களும் வைத்திருந்தால் கிடைத்திருக்கும் விலையை எடுத்தோம். லாபம் 15-லிருந்து 13 சதவீதமாக இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். ஏறுகிற பங்கை வாங்கும் முறையின் பலன் காலப்போக்கில் தேய்ந்துவிடும். ஜெகதீஷும் டிட்மனும் 1993-இல் அமெரிக்கப் பங்குகளை வைத்து எழுதிய ஆய்வும், இந்தப் பலன் முதல் ஒரு வருடத்தில் கிடைத்து, அடுத்த இரண்டு வருடங்களில் ஒரு பகுதி கரைவதைத்தான் காட்டியது.

ஆனால் கைக்கு வருவது எவ்வளவு? 12 லட்சத்துக்கு 13 சதவீதம் என்றால் 1,56,000. அதில் 1,25,000 விலக்கு. மீதி 31,000-க்கு செஸ்ஸும் சேர்த்து 4,030 ரூபாய் வரி. கையில் நிற்பது 1,51,970. ஆறு மாத முறையில் வரி போக நின்றது 1,42,560. இரண்டு சதவீதம் குறைவாகச் சம்பாதித்தும் 9,410 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வாங்கி விற்பதால் பரிவர்த்தனை வரியும் தரகும் மிச்சமாவதை இதில் சேர்க்கவே இல்லை.

இதைத் திருப்பிப் போட்டால்தான் முடிவெடுக்கப் பயன்படும். 15 சதவீதம் தரும் ஆறு மாத முறைக்கு ஈடாக, ஒரு வருட முறை எவ்வளவு தந்தால் போதும்? இவருக்கு 12.1 சதவீதம். அதாவது, வேகமாக மாற்றுவது வருடத்துக்கு ஏறக்குறைய 2.9 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தால்தான் அதில் பிரயோஜனம். இதே கணக்கை ஒரு கோடி வைத்திருப்பவருக்குப் போட்டால் 13.5 சதவீதம் தேவைப்படுகிறது, இடைவெளி 1.5 தான். 1.25 லட்ச விலக்கு அவருடைய லாபத்தில் சிறு பங்கு என்பதால் இப்படி. ஆக, அடிக்கடி மாற்றுவதால் அதிகம் இழப்பது சிறு முதலீட்டாளர்தான். குன்னூரிலும் ஊட்டியிலும் ஐந்து, பத்து லட்சத்தோடு இதைச் செய்கிற பலருக்கு இது தெரியாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஒரு வருடத்துக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் முறையின் லாபம் ஒரு வருடத்தில் 15-லிருந்து 9-க்கு விழுகிறது என்றால், வரியைக் கட்டிவிட்டு ஆறு மாதத்தில் மாற்றுவதே நல்லது. அதை உங்கள் கணக்குதான் சொல்லும். ஒரு நல்ல வருடத்தை மட்டும் எடுத்துப் பார்க்காதீர்கள், 2020 மார்ச் மாதிரி ஒரு சரிவும் அதற்குள் இருக்க வேண்டும். மூடிப்போன கம்பெனிகளை விட்டுவிட்டு இன்றைக்கு இருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தாலும் கணக்கு பொய் சொல்லும்.

அவருடைய அடுத்த கேள்வி: “பதினோராவது மாசம் இறங்க ஆரம்பிச்சா என்ன பண்றது? காத்திருக்கணுமா?”

100 ரூபாய்க்கு வாங்கியது 140-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று விற்றால் வரி போக 131.68 நிற்கும். ஒரு மாதம் காத்திருந்து விற்கும்போது, அந்த வருட விலக்கு ஏற்கெனவே தீர்ந்திருந்தால், விலை 136.42-க்குக் கீழே போகாத வரை காத்திருந்தது லாபம். அதாவது 2.6 சதவீத இறக்கம் வரை தாங்கும். விலக்கு மிச்சமிருந்தால் கிட்டத்தட்ட 6 சதவீதம் தாங்கும். ஆனால் அதே பங்கு 110-இல்தான் இருக்கிறது, விலக்கும் தீர்ந்துவிட்டது என்றால் ஒரு சதவீதம்கூடத் தாங்காது. ஒரே நாளில் அவ்வளவு இறங்கும். ஆகவே லாபம் பெரிதாக இருக்கும்போது காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. சிறிய லாபத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நஷ்டத்தில் இருப்பதை வரிக்காகப் பிடித்துக்கொண்டிருக்கவே வேண்டாம். 12 மாதத்துக்குள் வந்த நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம், தாண்டிவிட்டால் நீண்ட கால லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும்.

அப்புறம், தேதி. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 12 மாதத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். 2025 மே 12 வாங்கியதை 2026 மே 12 அன்று விற்காதீர்கள், 13 அல்லது அதற்குப் பிறகு விற்றுவிடுங்கள். ஒரே பங்கைப் பல தவணையாக வாங்கியிருந்தால், ஒரு டீமேட் கணக்கில் முதலில் வந்ததுதான் முதலில் விற்றதாக எடுத்துக்கொள்ளப்படும். மே மாதம் 100, ஜனவரியில் 50 வாங்கி, அடுத்த மே கடைசியில் 150-ஐயும் விற்றால் பின்னால் வாங்கிய 50-க்கு 20 சதவீதம்தான்.

இன்னொன்று: மார்ச் கடைசியில் இந்தச் சுழற்சியை ஆரம்பிக்காதீர்கள். ஒரு வருடமும் ஓரிரு நாளும் என்று ஒவ்வொரு முறையும் விற்கும் தேதி பின்னால் தள்ளிப்போகும். ஒரு வருடம் அது ஏப்ரலுக்குள் விழுந்துவிட்டால் ஒரு நிதியாண்டு முழுக்க விற்பனையே இருக்காது, அந்த ஆண்டின் 1.25 லட்ச விலக்கை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

அவர் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தார். கையில் இருந்த பத்துப் பங்குக்கும், வாங்கிய தேதிக்குப் பக்கத்தில் விற்கலாம் என்ற தேதியைத் தனிக் கட்டமாக நோட்டில் எழுதினார். நஷ்டத்தில் இருந்த இரண்டுக்கு மட்டும் பதினோராவது மாதத் தேதியைப் போட்டுச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டார்.