கதவு கோணினால் காலைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட்டில் பென்ட்ரி கபட் பூட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. "தம்பி, சிங்குக்குக் கீழ இருக்கிற கதவு ரெண்டும் ஏறி இறங்கி நிக்குது. பிணைச்சல் போயிட்டுது போல" என்று அந்த அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பிணைச்சலில் ஒரு குறையும் இல்லை. கீழே குனிந்து சிங்க் பெட்டியின் முன்மூலையில், திருகினால் நீண்டு குறுகும் காலை விரலால் திருகினேன். லேசாகச் சுற்றியது. பாரம் தாங்கும் கால் விரலுக்கு அப்படி இளகாது.

தரையில் முதல் இரண்டு பெட்டிகளுக்கும் கீழே ஏறக்குறைய மட்டம்தான். தண்ணீர் வடியும் வாய்க்காக அந்த மூலை மட்டும் 14 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. எல்லாக் கால்களையும் ஒரே உயரத்துக்கு வைத்து, பெட்டிகளைப் பக்கத்துப் பெட்டியோடும் சுவரோடும் திருகி விட்டிருந்தார்கள். ஆகவே அந்தக் கால் தரையைத் தொடாமல் தொங்கியது. மேலே கிரானைட் கல்லின் பாரம் இறங்க, பெட்டி மெல்ல முறுகி, கதவுகளும் கோணிவிட்டன. பிணைச்சலைத் திருகிக் கதவை நேராக்கியிருந்தால் சில மாதங்களில் திரும்பக் கோணும். சுவரோடு இருந்த திருகை இளக்கி, காலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித் தரையில் ஊன்ற வைத்தோம். சிங்க் வெட்டிய இடத்தில் கல் ஒடுக்கமாக இருக்கும், அவசரப்பட்டால் அங்கேதான் வெடிக்கும்.

இதற்கெல்லாம் இடம் வைக்காமல் இருக்க, பெட்டியை வைக்க முன்பே தரையின் மிக உயரமான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நீளமான சட்டத்தின் மேல் ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பாவிக்கும் கால்கள் 95இலிருந்து 125 மில்லிமீற்றர் வரை போகும். உயரமான இடத்தில் 100 வைத்தால், 14 இறங்கிய மூலையில் 114 வரும், சரி. பள்ளத்தில் 100 வைத்துத் தொடங்கினால், மேட்டில் 86 வேண்டும். அந்தக் கால் அவ்வளவு குறுகாது.

ஒவ்வொரு பெட்டியையும் நீளவாக்கிலும் முன்பின்னாகவும் மட்டம் பார்த்து, கால் ஒவ்வொன்றையும் விரலால் திருகிப் பார்த்த பிறகுதான் பெட்டிகளை ஒன்றோடொன்று பூட்டுவது.

கால்களை மறைக்கும் பிளிந்த் பலகை கடைசி வேலை. அதை ஒரே அகலத்தில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் நேரே பெட்டியின் அடியிலிருந்து டைல் வரை அளந்து, 3 மில்லிமீற்றர் குறைத்து, மேல் விளிம்பிலிருந்து குறித்துச் சாய்வாக வெட்டுங்கள். பின்பக்கத்தில் குறிப்பதானால் இடம் வலம் மாறும், கவனம். வெட்டிய அடிவிளிம்பு துகள்பலகையாகவோ எம்டிஎஃப் ஆகவோ இருந்தால், கழுவும் தண்ணீரை உறிஞ்சிப் பொங்கும். நம் வீடுகளில் குசினித் தரையைத் தண்ணீர் ஊற்றித்தானே கழுவுகிறோம்! அந்த 3 மில்லிமீற்றர் இடைவெளியை மூடும் ரப்பர் உதடுள்ள பிவிசி பட்டியை, விளிம்பில் சிலிக்கோன் பூசி, மாட்டிவிடுங்கள்.

ஆனால் பலகையைத் தரையோடோ பெட்டியோடோ சிலிக்கோன் போட்டு ஒட்ட விடாதீர்கள். கால்களில் கிளிப்பால் மட்டுமே நிற்கட்டும். சிங்க் குழாய் கசிந்தால் இழுத்துக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, காய்ந்த பிறகு திரும்ப மாட்டலாம்.