கேமராவுக்குப் பின்னால் நிற்பது யார்?

எடிட்டுக்கு வரும் நகைச்சுவை வெப் சீரிஸ்களில் ஒரே குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "தி ஆபீஸ் மாதிரி பண்ணியிருக்கோம் சார்" என்று, ஆவணப்படம் போல எடுத்த அந்த நகைச்சுவைத் தொடரைச் சொல்லித்தான் ஃபுட்டேஜைத் தருவார்கள். போட்டுப் பார்த்தால் ஒரு காட்சியில் நாயகன் லென்ஸைப் பார்த்து "பாத்தீங்களா மக்களே, என் நிலைமையை" என்று நம்மிடமே பேசுவான், அடுத்த காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்து யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வான், அதற்கடுத்த காட்சியில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக அழுவான், அங்கேயும் கேமரா இருக்கும். அது எப்படி உள்ளே போனது என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்படி வரும் காட்சிகளை எடிட்டில் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம். அதனால் ஷூட்டிங்குக்கு முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது.

கதைக்கும் பார்க்கிற நமக்கும் நடுவே இருப்பதாக நினைத்துக்கொள்ளும் சுவரைத்தான் நான்காவது சுவர் என்பார்கள். அதை உடைப்பது என்றால் பாத்திரம் கதையை விட்டு ஒரு கணம் வெளியே வந்து, பார்க்கிற நம்மிடம் பேசுகிறது என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கும் பாத்திரங்களுக்கு அது கேட்காது, தெரியாது. கதைக்குள் அந்தக் கேமரா இல்லவே இல்லை. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் சபையைப் பார்த்துப் பேசுவதும் வெளிப்பார்வைக்கு இப்படித்தான் இருக்கும், ஆனால் கூத்தில் உடைப்பதற்குச் சுவர் என்று ஒன்று முதலிலேயே எழுப்பப்படவில்லை, அது தனிக் கதை. ஆவணப்படம் போலவே எடுக்கப்படும் கற்பனைக் கதையான மாக்குமெண்டரியில் நடப்பது நான்காவது சுவரை உடைப்பதற்கு நேர் எதிர். அங்கே கேமரா கதைக்குள்ளேயே இருக்கும் ஒரு பொருள். ஒரு ஆவணப்படக் குழு வந்திருக்கிறது, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் பூம் மைக் பிடித்திருக்கிறார், எல்லார் சட்டையிலும் காலர் மைக் மாட்டியிருக்கிறது. பாத்திரம் லென்ஸைப் பார்க்கும்போது அந்த அறையில் நிற்கும் ஒரு மனிதரைத்தான் பார்க்கிறது. சுவர் அப்படியே இருக்கிறது, நமக்குப் பதிலாக அந்தக் குழுதான் உள்ளே நிற்கிறது.

இந்த வித்தியாசத்தால் கதையில் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள, பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' தொடரின் ஒரு காட்சியைப் பார்த்தாலே போதும். ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதி இயக்கிய தொடர், 2001இல் பிபிசியில் தொடங்கியது. ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகிதக் கம்பெனி. அங்கே வேலை செய்யும் டிம்முக்கு வரவேற்பு மேசையில் இருக்கும் டான் மேல் காதல், அவளுக்கோ ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கிறது. 2002இல் வந்த இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில் டிம் நேர்காணல் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பாதியில் எழுந்து போய் டானைத் தனியாக ஒரு அறைக்குக் கூட்டிப் போகிறான், தன் மைக்கைக் கழற்றிவிடுகிறான். கேமரா பின்னாலேயே ஓடி வருகிறது, ஆனால் வெளியேதான் நிற்க முடிகிறது. கண்ணாடி வழியாக இரண்டு பேர் பேசுவது தெரிகிறது, ஒரு சத்தமும் இல்லை. பிறகு வெளியே வந்து மைக்கைத் திரும்பப் பொருத்திக்கொண்டு, அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள் என்பதை ஒரே வரியில் குழுவிடம் சொல்கிறான்.

இந்தக் காட்சியை நான்காவது சுவரை உடைக்கும் தொடரில் எடுக்கவே முடியாது. நம்மிடம் நேரடியாகப் பேசும் பாத்திரம் கழற்றி வைக்க மைக் என்று எதுவும் கிடையாது, அவன் பேசுவதை நிறுத்திவிடலாம், அவ்வளவுதான். டிம்மோ இரண்டு சீசன்களாகத் தன்னைப் பதிவு செய்துகொண்டிருந்த கருவியைத் தானே முடிவெடுத்துக் கழற்றுகிறான். இந்த ஒரு நிமிடம் மட்டும் எங்களுடையது, உங்களுக்குக் கிடையாது என்று குழுவுக்கு அது சொல்லிவிடுகிறது. அந்த மௌனம் நம்மை உலுக்குவதற்குக் காரணம், இதுவரை கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் அந்தச் சின்ன மைக் வழியாகத்தான் வந்தது என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

அமெரிக்க 'தி ஆபீஸ்' (2005 முதல் 2013 வரை) இதே உத்தியைத் தலைகீழாகப் பயன்படுத்தியது. 2007இல் வந்த மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடில் வரவேற்பாளர் பாம் ஒரு நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறாள். தனக்கும், தான் விரும்பும் சக ஊழியன் ஜிம்முக்கும் நேரம் கூடி வரவே இல்லை, பரவாயில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு திறக்கிறது. ஜிம் எட்டிப் பார்த்து, குறுக்கிட்டதற்கு ஸாரி கேட்டு, இன்றைக்கு இரவு சாப்பிடப் போகலாமா என்கிறான். அவள் சரி என்கிறாள், அவன் கதவைச் சாத்திவிட்டுப் போகிறான். பாம் கண் கலங்கிச் சிரித்தபடி கேமரா பக்கம் திரும்பி, ஸாரி, கேள்வி என்ன என்று கேட்கிறாள்.

அந்தக் கடைசி வரியில் எல்லாம் இருக்கிறது. கேள்வி கேட்ட ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவரும் இதைப் பார்த்துவிட்டார். டாக்கிங் ஹெட் என்று நாம் சொல்லும் இந்த நேர்காணல் ஒரு இடத்தில், ஒரு நேரத்தில் நடக்கிறது, அதனால் யாரும் கதவைத் தட்டலாம். திரைக்கதை எழுதுகிறவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, நேர்காணலை மனசுக்குள் பேசுவதைக் கேட்கவைக்கும் வசதியாக மட்டும் எழுதுகிறார்கள். நேர்காணலில் ஒரு பாத்திரம் உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அது அந்நியர் ஒருவர் முன்னால், பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே பேசுகிறது. பாம் நன்றாக இருப்பதாகச் சொன்னது பொய், தனக்கே சொல்லிக்கொண்ட பொய்யும்தான். கதவு திறந்ததும் அது கலைந்தது.

இன்னொன்று, அது எப்போது எடுத்த நேர்காணல் என்பது. கதை நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்ததென்றால் பாத்திரத்துக்கு முடிவு தெரியாது, எல்லாம் முடிந்தபின் எடுத்ததென்றால் தெரியும். ஒரே எபிசோடில் இரண்டையும் கலந்தால், பின்னால் வரப்போவதை முன்னாலேயே அறிந்தவன் போல ஒருவன் பேசுவான். பார்ப்பவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும். ஒவ்வொரு நேர்காணலுக்கும் மேலே எப்போது எடுத்தது என்று ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி எழுதி வைத்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

அப்புறம் பார்வை. 'தி ஆபீஸ்' நேர்காணல்களில் ஆட்கள் பெரும்பாலும் லென்ஸுக்குச் சற்றுத் தள்ளி, கேள்வி கேட்பவரைப் பார்த்தே பேசுகிறார்கள். லென்ஸை நேராகப் பார்ப்பதை வேலைக்கு நடுவே வரும் சின்னச் சின்னப் பார்வைகளுக்கென்று வைத்திருக்கிறார்கள். நேர்காணலில் நடிகர் லென்ஸுக்குள்ளேயே பார்த்துப் பேசினால் கேள்வி கேட்பவர் காணாமல் போய்விடுவார், செய்தி வாசிப்பது போல ஆகிவிடும், அதற்குப் பிறகு வரும் சின்னப் பார்வைக்கும் வலு இருக்காது.

அந்தச் சின்னப் பார்வையும் ஆளுக்கு ஆள் வேறு. ஜிம் பார்ப்பது சாட்சிக்கு: நீங்களும் பார்த்தீர்கள்தானே என்று கேமராமேனிடம் கேட்கும் பார்வை. மேனேஜர் மைக்கேல் பார்ப்பது தன்னைச் சரிபார்த்துக்கொள்ள: நான் சொன்னது எடுபட்டதா, இதையும் பதிவு செய்துவிட்டார்களா? பிரிட்டிஷ் தொடரில் ஜெர்வெய்ஸ் நடித்த டேவிட் பிரெண்ட் இந்த இரண்டாவது வகையின் உச்சம். முதலில் கேமராவுக்காக நல்லவனாக, வேடிக்கையானவனாக நடிப்பான், அது சொதப்பும், உடனே கண் லென்ஸ் பக்கம் ஓடும். அவனுடைய அவமானம் முழுக்க அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. கேமரா இல்லாவிட்டால் அவன் அந்த ஜோக்கைச் சொல்லியே இருக்க மாட்டானோ என்றுகூட நமக்குத் தோன்றும். கேமரா வந்ததால் ஆட்கள் நடந்துகொள்ளும் விதமே மாறுகிறது, மாக்குமெண்டரி நகைச்சுவையின் பெரும் பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து.

நம் ஆட்கள் செய்யும் தவறு, எல்லாப் பாத்திரங்களுக்கும் ஜிம்மின் பார்வையைக் கொடுப்பது. ஒரு ஜோக், உடனே ஒரு பார்வை, அடுத்த ஜோக், மறுபடி ஒரு பார்வை. எடிட்டில் இதற்கு எளிய சோதனை உண்டு: பார்வையை வெட்டிவிட்டு ஜோக்கை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சிரிப்பு குறையவில்லை என்றால் அந்தப் பார்வை வேண்டாம். பார்வை வெறுமனே "இது ஜோக்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வைப்பதென்று முடிவெடுத்தால், கேமரா அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்தச் சின்ன அசைவையும் சேர்த்து வையுங்கள். பேசுகிறவரிடமிருந்து கேமரா சட்டென்று திரும்பி, லேசாக ஜூம் ஆகி, ஃபோகஸ் தேடி, பிறகு அந்த முகத்தைப் பிடிக்கும்போது, கேமராமேனும் அதே நேரத்தில் அதையே நினைத்தார் என்று தெரிகிறது. சுத்தமான தனி க்ளோஸ்-அப்புக்கு வெட்டினால் அது போய்விடும்.

எதிர்ப்பக்கத்தைப் பார்க்க 'ஃப்ளீபேக்' (2016, 2019) நல்ல உதாரணம். ஃபீபி வாலர்-பிரிட்ஜ் நடித்த அந்தப் பெண் உரையாடலுக்கு நடுவிலேயே லென்ஸைப் பார்த்து நம்மிடம் பேசுவாள். ஆவணப்படக் குழு எதுவும் இல்லை, யாருக்கும் அது தெரியாது, தன் துக்கத்திலிருந்து தப்பிக்க அவளுக்கிருக்கும் ரகசிய வழி அது. இரண்டாவது சீசனில் ஒரு பாதிரியார் மட்டும் அதைக் கவனித்துவிட்டு, இப்போது எங்கே போனாய் என்று அவளைக் கேட்கிறார். அந்தக் கேள்வி நம்மைத் தூக்கிப்போடுகிறது. மாக்குமெண்டரியில் ஒருவர் கேமராவைப் பார்த்ததை இன்னொருவர் கவனிப்பது சாதாரண விஷயம், கேமராதான் எல்லார் கண் முன்னாலும் நிற்கிறதே. இங்கே அது யாருக்கும் தெரியாது என்ற விதி மீறப்படுவதால் அதிர்ச்சி. ஸ்கிரிப்ட்டில் உங்கள் உத்தி எது என்று சந்தேகம் வந்தால் இதையே கேட்டுப் பாருங்கள்: பக்கத்தில் இருப்பவர் "யாரைப் பார்க்கிறாய்?" என்று கேட்டால் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறதா?

இதற்கு விதிவிலக்கு போலத் தோன்றும் தொடர்களும் உண்டு. 'மாடர்ன் ஃபேமிலி' (2009–2020) நேர்காணல், பார்வை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டது, ஆனால் யார் படமெடுக்கிறார்கள், எதற்கு என்று விளக்கவில்லை. அங்கே குழு கிட்டத்தட்ட மறைந்தே போய்விட்டது. ஆனாலும் அவர்கள் ஒரு ஒழுங்கை விடவில்லை: சோபாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பேசும்போது, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கிறார், முகம் மாறுகிறது, மறுக்கிறார். வீட்டில் மறைத்ததை நேர்காணலில் சொல்லி மாட்டிக்கொள்ளலாம். அதாவது நேர்காணலில் சொன்ன சொல் கதைக்குள் கேட்கிறது. குழுவை விளக்காமல் விடலாம், இதை விட முடியாது.

அமெரிக்க 'தி ஆபீஸ்' இதைக் கடைசி சீசனில் முழுவதுமாகப் பயன்படுத்தியது. ஆவணப்படத்தின் ப்ரோமோ வெளியாகிறது, தங்களுக்குத் தெரியாமலும் நிறையப் பதிவாகியிருக்கிறது என்று ஊழியர்களுக்குத் தெரியவருகிறது, இத்தனை வருஷமாக நாம் பார்த்துச் சிரித்த அந்தரங்கங்கள் எல்லாம் ஒளிபரப்பாகப் போகின்றன என்று அலறுகிறார்கள். எழுத உட்காருவதற்கு முன்பு நீங்களும் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் கதையில் எடுக்கப்படும் இந்தப் படம் ஒருநாள் வெளியாகுமா, வெளியானால் யார் யார் பார்ப்பார்கள், அப்போது எந்த நேர்காணல் யாருடைய குடும்பத்தைக் கெடுக்கும்? பதில் தெரிந்தால், ஒவ்வொரு பாத்திரமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைச் சொல்லும், எதை விழுங்கும் என்பதும் தெரிந்துவிடும்.