‘சீழ் மூட்டுவாதம்’ என்னும் பிழையான பெயர்

மூட்டுக்குள் கிருமி புகுந்து உண்டாகும் செப்டிக் ஆர்த்திரைற்றிஸ் என்பதைச் ‘சீழ் மூட்டுவாதம்’ என்றும், என்புக்குள் கிருமி புகுந்து உண்டாகும் ஒஸ்டியோமைலைற்றிஸ் என்பதை ‘எலும்புருக்கி’ என்றும் தமிழாக்கிச் சொல்வதைப் பலமுறை கேட்டாயிற்று. இரண்டும் பிழை. எலும்புருக்கி என்பது நம்மவர் காசநோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர். அதை வேறொரு நோய்க்குச் சூட்டினால் வீட்டார் சளிப் பரிசோதனையைத் தேடித்தான் அலைவார்கள்.

மூலச் சொற்கள் கிரேக்கம். ஆர்த்ரோன் மூட்டு, ஒஸ்டியோன் என்பு, மைலோஸ் என்புக்குள் இருக்கும் மச்சை, ஐற்றிஸ் அழற்சி. செப்டிக் என்பது அழுகலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஒஸ்டியோமைலைற்றிஸ் என்ற சொல்லிலேயே கிருமி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே ‘என்புமச்சை அழற்சி’ என்று உறுப்புக்கு உறுப்பு பெயர்ப்பவர் மூலத்தின் குறையையும் சேர்த்தே கொண்டுவருகிறார்.

எனினும் என் முதன்மையான மறுப்பு ‘வாதம்’ என்பதன் மீதுதான். வாதம் என்றால் நம் மக்கள் மனத்தில் எழுவது நாட்பட்ட நோவு, எண்ணெய், ஒத்தடம், பரியாரி வீட்டுப் பத்தியம், பொறுமை. கிருமி புகுந்த மூட்டிலோ சில நாட்களுக்குள்ளேயே குருத்தென்பு அரிபடத் தொடங்கிவிடும். மட்டக்களப்புப் படுவான்கரையில் நீரிழிவுள்ள 54 வயது விவசாயி ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாரி மழையில் வயலுக்குள் நின்று வேலை செய்தவருக்கு ஒற்றை முழங்கால் வீங்கிச் சுடுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, காலை மடக்கவும் நீட்டவும் முடியவில்லை. வாதம் என்ற பெயரை நம்பி ஒரு வாரம் எண்ணெய் தடவினாலோ, யாரேனும் மூட்டுக்குள் ஸ்டீரோயிட் ஊசி போட்டாலோ அந்த முழங்கால் பாழாகிவிடும்.

செய்ய வேண்டியது, அன்றைக்கே மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீர் எடுத்தல். இயன்றவரை அன்ரிபயோட்டிக் தொடங்குமுன் எடுக்க வேண்டும், இரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கும் மாதிரி அனுப்ப வேண்டும். அந்த நீரில் ஒரு மைக்ரோலீற்றருக்கு 50,000 வெண்குருதிக் கலங்களுக்கு மேல் இருந்தால் கிருமி என்ற ஐயம் வலுக்கும். குறைவாக இருப்பதால் மட்டும் ஐயம் நீங்கிவிடாது. கவுட் என்ற மூட்டு நோயைக் காட்டும் யூரிக் அமிலப் படிகம் தெரிந்தாலும் கிருமி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, இரண்டும் ஒன்றாக இருக்கலாம். நீர் மெல்லியதாகவும் வரக்கூடும் என்பதால் ‘சீழ்’ என்ற அடைமொழியும் நம்பத்தக்கதன்று.

நம் பகுதியில் இந்த விவசாயியிடம் வழக்கமாகக் காணும் ஸ்டெஃபிலோகோக்கஸ் கிருமியை மட்டும் தேடினால் போதாது. சேற்றிலும் நீரிலும் வாழ்ந்து மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் பேர்க்கோல்டேரியா சூடோமலாய் என்ற கிருமியையும் நினைக்க வேண்டும். வளர்ப்பில் அது சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமியைப் போலத் தோன்றுவதால் மாசு என்று ஒதுக்கப்படுவதுண்டு. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், கோ-அமொக்ஸிகிளாவுக்கு அடங்குவதாகக் காட்டினால் ஆய்வுகூடம் விழித்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சையின் நீளமும் பெயரோடு கட்டுண்டது. மெலியோய்டோசிஸ் மூட்டோடு நின்றால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் 4 கிழமைகளுக்கு நாளத்தின் வழியே. பின்னர் கோ-ட்ரைமொக்ஸசோல் குளிசை 3 மாதம். என்பில் இறங்கியிருந்தால் நாள வழி மருந்து 6 கிழமை, குளிசை 6 மாதம். மூட்டைக் கழுவி எடுத்த நீரில் கிருமி வளர்ந்தால், முதல் ஊசி போட்ட நாளை விட்டு, அந்தக் கழுவலின் நாளிலிருந்தே கிழமைகளை எண்ணுவர். என்பில் இறங்கியதா என்பதை எக்ஸ்ரே தொடக்கத்தில் 10 முதல் 14 நாட்கள் வரை காட்டாமல் விடலாம்; எம்.ஆர்.ஐ. முன்னரே காட்டும். குளிசை மாதங்களில் சிறுநீரகத் தொழிற்பாடு, பொட்டாசியம், இரத்தக் கலங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துவர வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் அன்றே காட்ட வேண்டும். ‘என்பு மூட்டு வாதம்’ என்று இரண்டையும் குழைத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர், 3 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையிலான கோட்டையே அழித்துவிடுகிறார்.

ஆதலால் ‘மூட்டுக் கிருமித்தொற்று’, ‘என்புக் கிருமித்தொற்று’ என்பவற்றையே பரிந்துரைக்கிறேன். கிருமி வடசொல் என்று ‘நுண்ணுயிர்த்தொற்று’ கேட்போர் உளர். தூய்மையில் எனக்கும் பற்றுண்டு. ஆனால் வார்ட்டில் நிற்கும் தாய்க்குக் கிருமி என்றவுடன் விளங்குகிறது, நுண்ணுயிர் என்பதோ தயிரை உறையச் செய்வதையும் குறிக்கும். தொற்று என்றதும் பிறருக்குப் பரவுமோ என்ற அச்சம் எழுமெனச் சிலர் சொல்வது நியாயமான ஐயம். வீட்டாருக்கு இது தொடுவதால் ஒட்டாது என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் போதும். வீட்டுக்கு அனுப்பும் அட்டையில் ‘வலது முழங்கால் மூட்டுக் கிருமித்தொற்று, என்பில் இல்லை’ என்று எழுதி, குளிசை முடியும் திகதியையும் குறித்துவிட்டால், நோவு அடங்கிய பின்னும் அவர் ஏன் குளிசை விழுங்க வேண்டும் என்பதை அவருடைய மகளும் வாசித்து அறிந்துகொள்வாள்.